விடுதி அறையில் மாணவர்கள் வைத்துக்கொள்ளும் மருந்துகளும் லேபிளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்க்கை நாளில் கொடுத்த மருந்துப் படிவத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டபடியே கீழே தந்து பதில் எழுதியிருக்கிறோம். இதில் வரும் மாத்திரை அளவுகள் 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள, ஈரல், சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரியவர்களுக்கானவை. உங்கள் பிள்ளைக்கு எடை குறைவு என்றாலோ வேறு நோய் இருந்தாலோ அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

ரூம்ல மொத்தத்துல எதெது வச்சுக்கலாம், எதெது கூடாது?

மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறோம். நிமிடக்கணக்கில் தேவைப்படும் மருந்துகள் முதல் வகை: ஆஸ்துமா இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் பேனா, சர்க்கரை நோயாளியின் இன்சுலினும் குளுக்கோஸும். இவை மாணவரின் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். பூட்டி வைக்கக் கூடாது.

இரண்டாவது வகை, அறையில் அளவோடு வைத்துக்கொள்ளும் சாதாரண மருந்துகள்: பாராசிட்டமால் 10 மாத்திரை, செடிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை 10, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் 4, வலிக்குத் தடவும் களிம்பு, பிளாஸ்டர். மருத்துவர் சீட்டோடு தினமும் சாப்பிடும் தைராய்டு, வலிப்பு, இரும்புச்சத்து மாத்திரைகளும் இதில் சேரும். ஆனால் அறையில் 7 நாளுக்கானது மட்டும் இருக்கும், மீதி வார்டன் அறை அலமாரியில் இருக்கும். மாதவிடாய் வலிக்கு மருத்துவர் எழுதிய மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றை, யாருக்கு எழுதப்பட்டதோ அவர் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை முழுக்க எங்களிடம் இருக்கும்: தூக்க மாத்திரை, கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலுவான வலி மாத்திரை. இவற்றை வேளைக்கு வேளை எண்ணிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம்.

காய்ச்சல் மாத்திரை பத்துதானா? ஒரு அட்டை முழுசா வாங்கிக் கொடுத்துட்டா அடிக்கடி அலைய வேண்டாமே?

ஒரு அட்டையில் 650 மில்லிகிராம் மாத்திரை 15 இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 9,750 மில்லிகிராம். ஒரு பெரியவர் ஒரு நாளில் சாப்பிடக்கூடிய உச்ச அளவு 4,000 மில்லிகிராம். இரண்டு அட்டை கையில் இருந்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாளில் 10 மாத்திரைக்கு மேல் தேவைப்படாது. அதற்கு மேலும் காய்ச்சல் நீடித்தால் அந்தப் பிள்ளை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பத்து மாத்திரை தீர்வதே எங்களுக்கு ஓர் அறிவிப்பு மணி மாதிரி.

இன்னொரு காரணமும் இருக்கிறது, பெற்றோரிடம் மறைப்பதற்கில்லை. மனம் உடைந்திருக்கும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எவ்வளவு மாத்திரை இருக்கிறது என்பது முக்கியம். பிரிட்டனில் 1998-இல் ஒரு பெட்டியில் விற்கும் பாராசிட்டமால் எண்ணிக்கையைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். அதன் பிறகு அங்கே பாராசிட்டமாலால் நேர்ந்த இறப்புகள் குறைந்தன. தீர்ந்துபோனால் வார்டன் அறையில் எந்த நேரமும் கிடைக்கும், அலைச்சல் ஒரு மாடிப்படி தூரம்தான்.

லேபிள்ல என்ன எழுதணும்னு ஒரு மாதிரி காட்டுங்களேன்

ஒரு சீட்டில் ஆறு வரி. கீழே உள்ளது போல:

பெயர், அறை எண்: க. முகிலன், 214
மருந்து: பாராசிட்டமால் 650 மி.கி.
எதற்கு: காய்ச்சல், தலைவலி
எப்படி: 1 மாத்திரை, அடுத்தது குறைந்தது 6 மணி நேரம் கழித்து, ஒரு நாளில் 4-க்கு மேல் கூடாது
காலாவதி: 08/2027
ஒவ்வாமை: பென்சிலின்

நான்காவது வரியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "தேவைப்படும்போது" என்றோ "காலை, மாலை" என்றோ எழுதி விட்டுவிடுவார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தேவை என்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தோன்றும். அதனால் இடைவெளி எத்தனை மணி நேரம், ஒரு நாளுக்கு எத்தனை என்ற இரண்டு எண்ணும் கட்டாயம். பாராசிட்டமாலுக்கு 4 மணி நேர இடைவெளியே போதும் என்றாலும் விடுதி லேபிளில் 6 என்று எழுதச் சொல்கிறோம். ஏன் என்பது கீழே சளி மாத்திரைக் கேள்வியில் விளங்கும்.

ஒவ்வாமை எதுவும் இல்லை என்றால் அந்த வரியைக் காலியாக விடாமல் "தெரிந்தவரை இல்லை" என்று எழுதுங்கள். காலியாக இருந்தால் இல்லையா, எழுத மறந்தீர்களா என்று தெரியாது.

அட்டையிலயே பேரு, தேதி எல்லாம் அச்சடிச்சிருக்கே, அதுக்கு மேல லேபிள் எதுக்கு?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில், பளபளக்கும் தாளில், இரண்டு மாத்திரைக் குழிகளுக்கு நடுவே எங்கோ இருக்கும். ஒரே மருந்துக்குப் பல வியாபாரப் பெயர்கள் உண்டு. பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். லேபிளில் நாங்கள் கேட்பது அந்தப் பொடி எழுத்துப் பெயரை. பாராசிட்டமாலை அசெட்டமினோஃபென் என்றும் அச்சடிப்பார்கள், இரண்டும் ஒன்றே.

இன்னொன்று, இந்த லேபிள் உங்கள் பிள்ளை படிப்பதற்காக மட்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது அறைத்தோழனோ காவலாளியோ அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். மருந்தைப் பற்றி எதுவும் தெரியாத அவர்கள் படித்ததும் யாருடையது, என்ன மருந்து, எவ்வளவு என்று சொல்ல முடிய வேண்டும். எழுதி முடித்ததும் வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

பத்துதான்னா அட்டையை வெட்டிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் பிள்ளைக்குப் போகும் துண்டில் இருக்க வேண்டும். அதேபோல மாத்திரையை எடுக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தேதி இருக்கும் முனையைக் கிழித்துத் தொடங்கினால் கடைசி நான்கு மாத்திரைக்கு வயது என்னவென்று யாருக்கும் தெரியாது. இது தெரிந்தவர்கள் குறைவு. வருட முடிவில் அறைகளிலிருந்து தூக்கி எறியும் மருந்துகளில் பெரும்பங்கு இப்படித் தேதி தொலைந்த துண்டுகள்தான்.

குழிக்கு நடுவே வெட்டிவிடாதீர்கள். வெட்டுக்கத்தியில் குழி ஓரம் லேசாகத் திறந்துவிட்டாலும் ஈரக்காற்று உள்ளே போகும். மாத்திரை நிறம் மாறும், உதிரும்.

லேபிளை எதுல எழுதி எங்க ஒட்டுறது? மார்க்கர்ல அட்டை மேலேயே எழுதினா போதாதா?

போதாது. வழுவழுப்பான தாளில் எழுதிய மை விரல் வியர்வையிலேயே மழுங்கிவிடும். சானிட்டைசர் பட்டால் அந்த நொடியே போய்விடும். அதோடு, அட்டையின் பின்பக்கம் ஒட்டினால் மாத்திரையைத் தள்ளி எடுக்கும்போது லேபிள் கிழியும்.

சுலபமான வழி இதுதான்: ஒரு மருந்துக்கு ஒரு சின்ன ஜிப் கவர். அட்டையை உள்ளே போடுங்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதிய சீட்டை, எழுத்து வெளியே தெரியும்படி அதே கவருக்குள் வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் பரவும். கண் சொட்டு, களிம்புக் குழாய் போன்றவற்றில் சீட்டைச் சுற்றி ஒட்டி மேலே ஒளி ஊடுருவும் டேப் போடுங்கள். அச்சிட்ட காலாவதித் தேதியை மட்டும் மறைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டாதீர்கள், பெட்டி முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போய்விடும்.

எல்லாக் கவரும் ஒரே மூடியுள்ள டப்பாவில், அலமாரியில். ஜன்னல் ஓரம் வெயில் படும், குளியலறையில் ஈரம் இருக்கும். இரண்டும் கூடாது.

எக்ஸ்பைரி 08/2027-னு போட்டிருந்தா ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியோட முடிஞ்சுதா?

இல்லை, அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் தேதி பிரிக்காத மருந்துக்குத்தான். திறந்தபின் கணக்கு வேறு. கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பெரும்பாலும் 4 வாரம்தான், புட்டியில் எவ்வளவு மீதம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். முனை கண்ணிலும் விரலிலும் பட்டு உள்ளே கிருமி வளரத் தொடங்கியிருக்கும். அதனால் சொட்டு மருந்துக்கும் இன்சுலினுக்கும் லேபிளில் ஏழாவதாக "திறந்த தேதி" என்று ஒரு வரி சேருங்கள். அதைத் திறக்கும் நாளில் பிள்ளையே நிரப்ப வேண்டும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் கலக்க வேண்டிய தண்ணீர் அளவை லேபிளில் பெரிதாக எழுதுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு மிதமிஞ்சிப் போய் வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். கலந்த கரைசலுக்கு ஆயுள் 24 மணி நேரம்.

சளி மாத்திரையையும் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பலாமா? ரெண்டும் வேற வேற தானே?

சளிக்கென்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளில், மூக்கடைப்புக்கும் தும்மலுக்குமான மருந்தோடு பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அதனால் இரண்டும் வேறு வேறு இல்லை. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையை அறையில் வைக்க அனுமதி இல்லை. மூக்கொழுகலுக்கு அலர்ஜி மாத்திரை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

எப்படித் தவறுகிறது என்பதை ஒரு நாளின் கணக்காகப் பார்க்கலாம். ஒரு மாணவன் காலை 7 மணிக்கு 650 மாத்திரை போடுகிறான். 8 மணிக்கு மூக்கடைப்பு என்று அறைத்தோழன் தந்த சளி மாத்திரை, அதில் பாராசிட்டமால் 500. காலை 11, பிற்பகல் 3, மாலை 7, இரவு 11 என்று 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 650. நடுவே பிற்பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இன்னும் இரண்டு சளி மாத்திரை. 650 ஐந்து முறை என்றால் 3,250. 500 மூன்று முறை என்றால் 1,500. மொத்தம் 4,750, உச்ச அளவைவிட 750 கூடுதல். மூன்று இடங்களில் இரண்டு மாத்திரைக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளிதான் இருந்தது. இத்தனைக்கும் அவன் எந்த அட்டையின் குறிப்பையும் மீறவில்லை! 650 மாத்திரையைத் தனியாகப் பார்த்தால் அளவு சரி, சளி மாத்திரையைத் தனியாகப் பார்த்தாலும் சரி. 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 என்று லேபிளில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். அப்படிச் சாப்பிட்டால் மொத்தம் 2,600. எங்காவது ஒரு மாத்திரை தெரியாமல் சேர்ந்தாலும் எல்லைக்குள் நிற்கும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. லேசான குமட்டல் இருக்கலாம், அதையும் காய்ச்சல் என்றே நினைப்பார்கள். ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் பிறகுதான் வெளிப்படும். நச்சுமுறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாகக் காப்பாற்றும், தாமதம் ஆக ஆக பலன் குறையும். எனவே "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று காத்திருக்க மாட்டோம். மேலே சொன்னதுபோல நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டிருந்தால் ரத்தத்தில் உள்ள அளவை மட்டும் வைத்து மருத்துவரால் முடிவு சொல்வது கடினம். எத்தனை மணிக்கு எத்தனை என்ற கணக்குத்தான் அவருக்குத் தேவை. அதனால் ஒவ்வொரு ஜிப் கவரிலும் லேபிளுக்குப் பின்னால் ஒரு வெற்றுச் சீட்டு வைக்கச் சொல்கிறோம். சாப்பிட்ட தேதியையும் மணியையும் பிள்ளை அதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐபுப்ரோஃபென் ஏன் பட்டியல்ல இல்ல? வீட்ல அதுதான் கேட்கும்

வலிக்கு நல்ல மருந்துதான். ஆனால் காய்ச்சலுக்கு முதல் மாத்திரையாக அதை அறையில் வைப்பதில்லை. டெங்கு காய்ச்சலாக இருந்தால் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். காய்ச்சலின் முதல் நாளில் அறிகுறிகளை மட்டும் வைத்து அது டெங்குவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வாந்தி, பேதியில் உடல் வறண்டிருக்கும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இதனால் இழுப்பு வரும். மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்கு எழுதித் தந்திருந்தால் சீட்டோடு கொடுங்கள், "காய்ச்சலுக்கு அல்ல" என்று லேபிளில் எழுதி அனுமதிப்போம்.

ரூம்மேட்டுக்கு அவசரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தா அதுல என்ன தப்பு?

சளி மாத்திரைக் கணக்கு ஒரு காரணம், ஆஸ்துமா இன்னொன்று. மூன்றாவது, பெற்றோர் நினைத்தே பார்க்காதது: முகப்பரு மருந்து. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் கருவுக்குக் கடும் குறைபாடுகள் வரக்கூடும். அதைச் சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதம் முடியும்வரையும் ரத்த தானம் செய்யக் கூடாது. முகம் தெளிவானதைப் பார்த்துவிட்டுத் தோழி இரண்டு மாத்திரை கேட்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. இந்த மருந்து உங்கள் பிள்ளைக்கு எழுதப்பட்டிருந்தால் லேபிளில் "யாருக்கும் தரக் கூடாது, ரத்த தானம் கூடாது" என்று சேருங்கள்.

அறையில் இருக்கும் மருந்து லேபிளில் பெயருள்ளவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு வார்டன் அறை இருக்கிறது.

ஆஸ்துமா இன்ஹேலர்ல லேபிள் எங்க ஒட்டுறது? தீர்ந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

பிளாஸ்டிக் உறையின் பக்கவாட்டில் பெயரையும் அறை எண்ணையும் ஒட்டுங்கள். வாய் வைக்கும் மூடியில் ஒட்டினால் மூடி கழன்று தொலையும். உள்ளே இருக்கும் உலோகக் குப்பியைக் கழுவும்போது வெளியே எடுப்பார்கள், வேறொருவர் குப்பியோடு மாறிவிடலாம், அதனால் குப்பியிலும் பெயரின் முதலெழுத்தைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டுங்கள்.

குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பதும் பலனில்லாத சோதனைகள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் மீதி இருந்து பீய்ச்சும், சத்தமும் வரும். எண்காட்டி இல்லாத இன்ஹேலர் என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். 200 முறை பீய்ச்சும் குப்பியை நாளுக்கு 4 முறை பயன்படுத்தினால் 50 நாளில் தீரும். தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் லேபிளில் எழுதுங்கள். அவசரத்துக்கு மட்டும் எடுப்பவர்கள் சீட்டில் கோடு போட்டு எண்ணட்டும். அந்தக் கோடுகள் திடீரென்று நெருக்கமானால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள், எங்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது இன்ஹேலர் ஒன்றை வார்டன் அறையில் வைக்கக் கொடுங்கள். அட்ரினலின் பேனாவுக்கு அப்படி இல்லை: இரண்டு பேனாவும் எப்போதும் பிள்ளையின் பையில். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. தொடையின் வெளிப்புறத்தில், உடைக்கு மேலாகவே குத்தலாம் என்பதை லேபிளில் ஒரு வரியாக எழுதுங்கள். குத்தப்போவது பெரும்பாலும் வேறு யாரோ.

இன்சுலினுக்கு ரூம்ல ஃபிரிட்ஜ் இல்லையே, என்ன செய்றது?

பிரிக்காதவை வார்டன் அறை ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும். உறைபெட்டிக்கு அருகே வைக்க மாட்டோம். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகி இயல்பாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது. பயன்பாட்டில் உள்ள ஒரு பேனா மட்டும் அறையில் இருக்கும். பல வகை இன்சுலின் அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் தாங்கும், எத்தனை டிகிரி வரை என்பது வகைக்கு வகை மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து உங்கள் இன்சுலினுக்கான நாளை லேபிளில் எழுதுங்கள். திறந்த தேதி இல்லாத பேனாவை ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஊசி முனைகளைப் போடக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் தேவை.

குளுக்கோஸைத் தனிக் கவரில் வையுங்கள், மேலே இப்படி: "நடுக்கம், வியர்வை, உளறல் என்றால் 15 கிராம். 15 நிமிடம் கழித்துச் சோதி. மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதே, ஆம்புலன்ஸ்."

ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், அதை ஏன் வாங்கிக்க மாட்டேங்கிறீங்க?

அட்டையிலிருந்து பிரித்துப் போட்டதும் வெள்ளை வட்ட மாத்திரைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பெயர், தேதி இரண்டும் போய்விடும். சில மருந்துக்குக் காற்றே ஆகாது. வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும், அதை விழுங்கும் நேரம்வரை அட்டையிலேயே வைக்க வேண்டும்.

மறந்துபோகாமல் இருக்கத்தான் அந்தப் பெட்டி என்றால் வேறு வழி உண்டு. அட்டையைக் குழிகுழியாக வெட்டாமல் 7 மாத்திரைத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் கிழமையின் முதலெழுத்தைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டுங்கள். தேதி இருக்கும் துண்டை எங்களிடம் உள்ள மீதியோடு வைத்துக்கொண்டு, மற்றத் துண்டுகளின் லேபிளில் அந்தத் தேதியை எழுதிக்கொள்கிறோம். நாங்களே கண்ணால் பார்த்து எழுதும் இந்த ஒன்றுக்கு மட்டும் மேலே சொன்ன வெட்டு விதியில் விலக்கு.

போன தடவை எழுதின ஆன்டிபயாடிக்ல நாலு மிச்சம் இருக்கு, அப்படியே வச்சுக்கட்டுமே?

வேண்டாம். நாலு மாத்திரை எந்த நோய்க்கும் முழு சிகிச்சை இல்லை. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் அவற்றுக்கு வேலை செய்யாது. நடப்புச் சீட்டில் உள்ள ஆன்டிபயாடிக்குக்கு லேபிளில் "கடைசி மாத்திரை சாப்பிடும் தேதி" என்று எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் அறையில் இருந்தால் எடுத்துவிடுவோம்.

மூலிகைப் பொடி, வைட்டமின் இதுக்கெல்லாமுமா லேபிள்?

ஆமாம். பழைய டப்பாவில் போட்ட பெயரில்லாப் பொடியை ஏற்க மாட்டோம். தயாரித்தவரின் மூடிய புட்டியில், உள்ளடக்கம் அச்சிட்டதாக இருந்தால் சரி. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இரும்பு, கால்சியம் மாத்திரையும் கொடுத்தனுப்பினால் இரண்டு லேபிளிலும் "நடுவே 4 மணி நேரம்" என்று எழுதுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறியபடி இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

என் பொண்ணு மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுறா. லேபிள் ஒட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே?

நியாயமான கவலை. இப்படிப்பட்ட மருந்துக்கு "எதற்கு" என்ற மூன்றாவது வரியை எழுத வேண்டியதில்லை. மருந்துப் பெயரைப் பார்த்தே யாராவது தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றினால், முழு லேபிளை மடித்து ஓர் உறைக்குள் வையுங்கள். உறைமேல் பெயர், அறை எண், "அவசரத்தில் பிரிக்கவும்" என்று மட்டும் இருக்கட்டும். வார்டன் பதிவேட்டில் முழு விவரம் இருக்கும், அதைப் பார்ப்பவர்கள் வார்டனும் சிகிச்சை தரும் மருத்துவரும் மட்டுமே.

தயவுசெய்து வெட்கப்பட்டு மறைத்துக் கொடுத்தனுப்பாதீர்கள். மறைத்து வைத்த மருந்து தீரும்போது கேட்கவும் கூச்சம் வரும், பிள்ளை திடீரென்று நிறுத்திவிடும். மன அழுத்த மருந்துகள் பலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரும். அதை நோய் முற்றிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொள்வார்கள். 7 நாள் இருப்பு விதி இதற்கும் உண்டு, வாரம் ஒரு முறை நாங்களே அழைத்துக் கொடுப்போம்.

லேபிள் இல்லாத மருந்து ரூம்ல இருந்தா தண்டனை உண்டா?

அபராதம், தண்டனை எதுவும் இல்லை. தண்டனை என்றால் ஒளித்து வைப்பார்கள், அதுதான் ஆபத்து. மருந்தை எடுத்து வந்து உங்களை அழைப்போம். என்ன மருந்து என்று உறுதியானால் லேபிள் எழுதித் திருப்பித் தருவோம், உறுதியாகாவிட்டால் அழித்துவிடுவோம். மூன்றாம் வகை மருந்து யாரிடமாவது விற்கவோ பகிரவோ பயன்பட்டால் மட்டும் விஷயம் வேறு.

டாக்டர் போன்லயே அளவை மாத்திச் சொல்லிட்டார். நான் பையன்கிட்ட சொல்லிட்டேன், அது போதும்ல?

போதாது, ஏனென்றால் பழைய லேபிள் இன்னும் பழைய அளவைத்தான் சொல்கிறது. புதுச் சீட்டின் படத்தை வார்டன் எண்ணுக்கு அனுப்புங்கள். அது வரும்வரை அறையில் உள்ள மருந்தைப் பையன் நீங்கள் சொன்னபடி சாப்பிடலாம். எங்களிடம் இருக்கும் மூன்றாம் வகை மருந்தை மட்டும் பழைய சீட்டின்படியே தருவோம், அவசரம் என்றால் மருத்துவரிடம் நாங்களே பேசிக்கொள்வோம்.

லேபிளில் பழைய எண்ணை அடித்துவிட்டு மேலே எழுத வேண்டாம். அடித்த 1-க்கு மேல் எழுதிய 2, அவசரத்தில் 12 என்று படிக்கப்படும். அரை மாத்திரையை ½ என்று எழுதினாலும் 1, 2 என்று பிரித்துப் படிக்கிறார்கள், "அரை" என்று எழுத்தில் எழுதுங்கள். முழு லேபிளையும் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். மில்லிகிராம் மாறியிருந்தால், உதாரணமாக 50 மாத்திரை 25 ஆகியிருந்தால், மீதியுள்ள 50 அட்டையை அன்றே எங்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே கவரில் இரண்டு அட்டையும் ஒன்றாகக் கிடக்கக் கூடாது.